நாற்பது ஆண்டு நிறைவுக்கு ஓர் அறிவிப்பு

ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் என் தந்தையார் 1986 தை மாதம் தொடங்கிய பாத்திரக்கடை வரும் தையில் 40 ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அச்சகத்தார் எழுதிக் கொடுத்த வாசகம் இது: ‘வெற்றிகரமான 40ஆம் ஆண்டில்! 40% வரை அதிரடித் தள்ளுபடி! முந்துங்கள்!’ அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும்தான். வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்வதாக இருக்க வேண்டும், விற்பனையும் நடக்க வேண்டும். விளம்பரத் துறையில் இருந்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். எப்படி எழுதுவது?

— ஒரு பாத்திரக்கடைக்காரரின் மகள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையாருக்கு அந்த வாசகம் ஏன் பிடிக்கவில்லை என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. சென்ற மாதம் முழு விலை கொடுத்து மகளுக்குச் சீர்வரிசைப் பாத்திரங்கள் வாங்கிச் சென்ற ஒருவர், இந்தத் தையில் உங்கள் கடை வாசலில் நாற்பது விழுக்காடு என்று படித்தால் என்ன நினைப்பார்? தன்னிடம் கூடுதலாக வாங்கிவிட்டதாகவே நினைப்பார். இதுவரை உங்கள் கடைப் பக்கமே வராத ஒருவருக்கு முதல் சலுகையும், முப்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பவருக்கு மனக்குறையும் கிடைக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு நன்றி என்று பெயர் வைக்க முடியாது. ஆகவே வாசகத்தைத் திருத்துவதற்கு முன் சலுகையைத் திருத்த வேண்டும். யாருக்கு நன்றி சொல்கிறீர்களோ, அவர்களால் மட்டுமே பெற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றை முதலில் முடிவு செய்துவிட்டால், எழுதுவது பாதி முடிந்த மாதிரிதான்.

பாத்திரக்கடைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. துணிக்கடையில் இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய சேலையை இன்று அடையாளம் காட்ட முடியாது. ஆனால் நீங்கள் விற்ற அண்டாவிலும் குடத்திலும் வாங்கியவரின் பெயரும், திருமணச் சீர் என்றால் பெரும்பாலும் தேதியும் வெட்டப்பட்டிருக்கும். அந்த எழுத்தை வெட்டியவர் யார் என்பதை உங்கள் தந்தையாரால் பார்த்த உடனே சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன். ரசீதைத் தேடச் சொல்லாமல் பழைய வாடிக்கையாளரை அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த வழி உங்களுக்கு இல்லை.

அப்படி வருபவருக்கு என்ன கொடுப்பது? பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசிய ஈயம் தேய்ந்துவிட்டால் புளி சேர்ந்த எதையும் அதில் வைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். பூசுபவர்கள் தெருவழியே வருவது அருகிவிட்டதால், பல வீடுகளில் நல்ல பித்தளைப் பாத்திரம் பரணில் கிடக்கிறது. அதைக் கொண்டுவரச் சொல்லி, கூலி வாங்காமல் ஈயம் பூசிக் கொடுங்கள். உங்களிடம் வாங்கிய பொருள் மீண்டும் அடுப்பில் ஏறுகிறது. கொண்டுவந்து கொடுக்க ஒருமுறையும் திரும்பப் பெற ஒருமுறையும் அந்தக் குடும்பம் உங்கள் கடைக்குள் வருகிறது. விற்பனை அங்கேதான் நடக்கும். தை, முகூர்த்த மாதம். சீர் வாங்க வருகிறவர்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள். அவர்களுக்கெல்லாம் விலையைக் குறைப்பது கையில் இருக்கும் வரவை வாசலில் கொட்டுவதாகும்.

விலைக் குறைப்பு முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய பாத்திரத்துடன் வரும் வீட்டாருக்கு மட்டும் எவர்சில்வரில் கிலோவுக்கு இத்தனை ரூபாய் குறைவு என்று வையுங்கள். எடை போட்டு விற்கும் கடையில் விழுக்காட்டைவிட ரூபாய்க் கணக்கே நம்பிக்கை தரும், ஏனென்றால் வாங்குபவர் தராசைப் பார்த்துத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். ‘வரை’ என்ற சொல்லோ, மூலையில் தேங்கிய ஏதோ ஒரு தட்டுக்குத்தான் அந்த நாற்பது என்பதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஆண்டு நாற்பது என்பதால் தள்ளுபடியும் நாற்பது என்று எண்ணைப் பொருத்துவதையும் விட்டுவிடுங்கள். அந்த விலை எப்படி வந்தது என்பதற்கு அதில் காரணமே இல்லை. கூடவே ஒரு சிறு கணக்கு: தையில் உங்கள் கடைக்கு 40 ஆண்டுகள் நிறைகின்றன, தொடங்குவது 41ஆம் ஆண்டு. அச்சகத்தார் ஓராண்டைக் குறைத்துவிட்டார்.

இனி எழுதும் வரிசை. காரணம் முதலிலும், சலுகை அடுத்தும், வரம்பு கடைசியிலும் வர வேண்டும். தள்ளுபடி விளம்பரம் சலுகையில் தொடங்குவதால், அதே இடத்தில் தொடங்கும் எதையும் கண் தள்ளுபடியாகவே படித்துவிடும். பின்னால் எத்தனை முறை நன்றி என்று எழுதினாலும் பயனில்லை. உங்களுக்காக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்:

“1986 தை மாதம் இந்தக் கடையைத் திறந்தோம். அன்றுமுதல் நீங்கள் வாங்கிய அண்டாவிலும் குடத்திலும் உங்கள் வீட்டுப் பெயர்களை வெட்டிக் கொடுத்து வருகிறோம். அம்மாவுக்கு வாங்கிய கடையிலேயே மகளுக்கும் வாங்க வந்தீர்கள். அதனால் 40 ஆண்டுகள் நிறைந்தன. நன்றி.

ஜனவரி 24 முதல் பிப்ரவரி 8 வரை, எங்களிடம் வாங்கிய பித்தளைப் பாத்திரத்தைக் கொண்டு வாருங்கள். ஈயம் பூசித் தருகிறோம், கூலி இல்லை. ரசீது வேண்டாம், பெயர் வெட்டிய இடத்தைக் காட்டினால் போதும். அன்று நீங்கள் வாங்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைவு.

ஒரு வீட்டுக்கு இரண்டு பாத்திரங்கள். கொடுத்த பத்தாம் நாள் பெற்றுக்கொள்ளலாம்.”

ஐம்பது ரூபாய் என்பதை நானாகப் போட்டிருக்கிறேன். உங்கள் கொள்முதலைப் பார்த்து அப்பா முடிவு செய்யட்டும். ‘வெற்றிகரமான’, ‘பேராதரவுடன்’, ‘அதிரடி’ ஆகியவை இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றின் இடத்தில் உங்கள் கடையில் மட்டுமே நடந்த ஒன்று இருக்கிறது. கடையின் பெயரை மறைத்துவிட்டுக் கைப்பேசிக் கடையின் பெயரை எழுதினால் அச்சகத்தாரின் வாசகம் அங்கேயும் பொருந்தும், இது பொருந்தாது. ‘முந்துங்கள்’ என்று அவசரப்படுத்துவதும் வேண்டாம். நன்றி சொல்ல அழைத்தவரை விரட்டுவானேன்?

கடைசிப் பத்தியில் உள்ள வரம்புகளைச் சிறிய எழுத்தில் கீழே ஒளிக்காமல், மற்றவற்றின் அளவிலேயே அச்சிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளும், குறைந்த விலை சொல்லி அழைத்தால் போதிய இருப்பு இருக்க வேண்டும், இருப்புக்கு வரம்பு இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றே கேட்கின்றன. அதைவிட, நன்றி என்று அழைத்துவிட்டு, பாத்திரத்தோடு வந்தவரை வாசலில் திருப்பி அனுப்புவது உங்கள் கடைக்கு ஆகாது.

வாசலில் கட்டும் பதாகைக்கு இத்தனை வரிகள் கூடாது. நடப்பவர் நின்று படிக்க மாட்டார். ‘எங்களிடம் வாங்கிய பித்தளைக்கு ஈயம் பூசித் தருகிறோம், கூலி இல்லை — 40 ஆண்டு நன்றி’ என்ற அளவு போதும். முழு வாசகத்தைத் துண்டுப் பிரசுரத்துக்கும், பழைய வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாட்கள் கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: உள்ளே வருபவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்து வைக்கட்டும். ‘எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்பதே அதிகம் வந்தால், ரூபாய்க் கணக்கு வரி முந்திக்கொண்டு தெரிகிறது. அடுத்த அச்சில் அதன் எழுத்தைச் சிறிதாக்குங்கள். ‘கைப்பிடி ஆடுகிற குண்டானுக்கும் பூசுவீர்களா?’ என்று கேட்டால் வாசகம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கைப்பிடியையும் இறுக்கிக் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் அச்சுக்குப் போகும் முன், ஈயம் பூசுபவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை பாத்திரம் முடியும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை வைத்தே வீட்டுக்கு இரண்டா ஒன்றா என்பதையும், பத்தாம் நாளா பதினைந்தாம் நாளா என்பதையும் எழுத வேண்டும்.

அன்புடன்.