மாங்கனிக் கண்காட்சியில் எடுத்த அந்தப் படம்

அம்மா, வணக்கம்.

எனக்கு 28 வயது. ஊர் சூளகிரிப் பக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கிருஷ்ணகிரிப் பெண் ஒருவரும் நானும் மூன்று ஆண்டுகள் பழகினோம். சென்ற ஆவணியில் அவர் பிரிந்துவிடலாம் என்றார். பொங்கல் வரை தவித்தேன், பிறகு தேறிவிட்டேன். அவர் தெரு வழியாக வண்டியில் போனால்கூட மனம் அசையவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நண்பன் இன்ஸ்டாகிராமில் போட்ட ஸ்டோரியில் அவர் வேறொருவருடன் மாங்கனிக் கண்காட்சியில் நிற்பதைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் படம் எடுத்துக்கொண்ட அதே இடம். அடிவயிறு கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த ஆளின் பக்கத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கை தானாகப் போய்விடுகிறது. அந்தப் பெண்ணின் கணக்கு பூட்டியிருக்கிறது. வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கிப் பார் என்கிறான் நண்பன். நான் தேறியதெல்லாம் பொய்யா? அந்த ஆளை பிளாக் செய்தால் நான் தோற்றதாக ஆகாதா?

*

தம்பி,

நண்பன் சொன்ன யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பூட்டிய கணக்கு, சாத்திய கதவு. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றத்தில் சேர்த்திருக்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவு. சட்டம் இருக்கட்டும். பொய்ப் பெயரில் ஒளிந்து பார்த்தவர்கள் சிலருடன் நான் பேசியிருக்கிறேன். பார்த்த படத்தின் வலியோடு தங்கள் மீதே வந்த அருவருப்பையும் அவர்கள் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. நீங்கள் தேறியது பொய் இல்லை. பாவ்லோவ் என்ற ரஷ்ய அறிஞர் நாய்களை வைத்துச் செய்த சோதனையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓசை கேட்டால் உணவு வரும் என்று பழகிய நாய், ஓசை கேட்டதுமே எச்சில் ஊறும். உணவு தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் அந்தப் பழக்கம் அடங்கிவிடும். பள்ளிப் பாடம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவர் கண்டதுதான் உங்களுக்கு வேண்டியது. அடங்கிய பிறகு சற்று இடைவெளி விட்டு அதே ஓசையை எழுப்பினால், உணவே இல்லாமல் எச்சில் மறுபடி ஊறியது. இதைத் 'தன்னிச்சையான மீட்சி' என்பார்கள். பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். காதலையும் நாயையும் ஒன்றாக்குகிறேன் என்று கோபப்பட வேண்டாம், மனித மனம் இதைவிடச் சிக்கலானது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது அப்படித்தான் நடந்துகொள்கிறது.

புதிய பாடம் இடத்தையும் பொறுத்தது. அவர் தெருவை நீங்கள் பல முறை கடந்திருக்கிறீர்கள், அங்கே மனம் பழகிவிட்டது. மாங்கனிக் கண்காட்சிக்குப் பிரிந்த பிறகு நீங்கள் போகவே இல்லை என்று நினைக்கிறேன். குவித்து வைத்த செந்தூராவும் பெங்களூராவும், அந்தக் கூட்டம், அந்த வெளிச்சம் எல்லாம் உங்களுக்கு இன்னும் பழைய பாடத்தோடுதான் கட்டுண்டு கிடக்கின்றன. படத்தில் அந்தப் பின்னணியும் உங்களுக்குப் பதில் இன்னொருவரும் ஒன்றாக வந்தார்கள். அடிவயிறு கலங்கியதில் வியப்பில்லை.

மீண்டு வரும் வலிக்கு ஒரு குணம் உண்டு: தீனி கிடைக்காவிட்டால் பெரும்பாலும் முதல் முறையைவிட விரைவில் தணியும். உங்களுக்கு மூன்று வாரமாகத் தணியவில்லை என்றால், அந்த ஒரு படத்தைக் காரணம் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் பார்த்தவைதான் காரணம். பல நாள் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது, ஒருநாள் ஒரு படம் சிக்கியிருக்கும். என்றைக்குச் சிக்கும் என்று தெரியாத பலன்தான் கையை விடாமல் இழுக்கும். சீட்டு விளையாடுகிறவரை மேசையில் உட்கார வைப்பதும் இதுதான். டாரா மார்ஷல் என்ற உளவியலாளர் 2012இல் 464 பேரிடம் செய்த ஆய்வில், முன்னாள் துணையின் ஃபேஸ்புக் பக்கத்தை அதிகம் கண்காணித்தவர்களிடம் வேதனையும் ஏக்கமும் அதிகமாக இருந்தன. வலித்ததால் பார்த்தார்களா, பார்த்ததால் வலித்ததா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது என் அனுபவம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் 'கம்பெனி பஸ்'. ஷிப்ட் முடிந்த களைப்பு, இருட்டு, ஜன்னலோர இருக்கை, கையில் போன். ஒரு சிறு நோட்டில் ஐந்து நாள் மட்டும் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், அதற்கு முந்தைய நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம், முடித்தபோது மனம் எப்படி இருந்தது. பகல் ஷிப்ட் வாரத்தில் எண்ணிக்கை குறைகிறதா என்றும் பாருங்கள். குறைந்தால், உங்களை இழுப்பதில் பாதி அந்த இருக்கைதான் என்று தெரிந்துவிடும். அப்போது செய்யக்கூடியது எளிது. பஸ் ஏறும் முன் போனை அணைத்து, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்து, பக்கத்தில் யாராவது பேசுகிறவராகப் பார்த்து உட்காருங்கள். பார்க்க வேண்டும் என்ற உந்துதல் ஏறும், உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு மேல் உச்சத்தில் நிற்காது. சூளகிரி வந்து சேரும்போது அது தளர்ந்திருக்கும். 'நினைக்கவே கூடாது' என்று மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம், அப்படி அடக்கும் நினைவு இன்னும் அடிக்கடி வரும். நினைவு வரட்டும், விரல் போகாமல் இருந்தால் போதும்.

பிளாக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் Restrict செய்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அது அந்த ஆள் உங்களுக்கு எழுதுவதைக் கட்டுப்படுத்தும், அவருடைய படங்களை உங்களிடமிருந்து மறைக்காது. Mute என்பது தானாக வந்து விழுவதைத் தடுக்கும், ஆகவே அந்த நண்பனின் ஸ்டோரிக்கு அதைப் பயன்படுத்துங்கள். அவனுக்கு அது தெரியாது. நீங்களே தேடிப் போவதற்கு Block தான் சரி. அந்த ஆளுக்கு அறிவிப்பு எதுவும் போகாது. தேடல் பட்டியலில் இருக்கும் அந்தப் பெயரையும் அழித்துவிடுங்கள், முதல் எழுத்தை அடித்ததும் அது எட்டிப் பார்க்கக் கூடாது. தோல்வி என்கிறீர்கள். யாரிடம் தோற்கிறீர்கள்? நீங்கள் பார்ப்பதே அந்த மனிதருக்குத் தெரியாதே. சர்க்கரை நோய்க்காரர் வீட்டில் இனிப்பு டப்பாவை மேல் தட்டில் ஏற்றி வைப்பதில்லையா, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் எடுத்துவிடலாம்.

வேலை, தூக்கம், சாப்பாடு மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இன்னொன்று. படத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும், தை மாதத்திலோ அதற்குப் பிறகோ ஒரு கல்யாணப் படம் வரக்கூடும். அன்றைக்கும் வலிக்கும், இதேபோலத் திடீரென்று வலிக்கும். அந்த நண்பனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: அப்படி ஏதாவது தெரிந்தால் படமாக அனுப்பாதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நேரில் வந்து வாயால் சொல் என்று.