மண்டையோடும் வான் கதவும்

வணக்கம் அண்ணை,

எனக்கு 48 வயது. வட்டக்கச்சியில் வயலும் ஒரு சின்ன ஹார்ட்வேர் கடையும் இருக்கு. போன மாரியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறந்தபோது குளக்கட்டில் நின்று ஒரு படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். படத்துக்கு மேல், "இரணைமடு வேற லெவல் மச்சி, செம வைப், ஸ்லே" என்று எழுதினேன். உயர்தரம் படிக்கிற மகள் கீழே ஒரு மண்டையோட்டுக் குறி மட்டும் போட்டாள். தண்ணீரில் யாரும் செத்ததாகக் கேள்விப்பட்டாளோ என்று பயந்து போனேன். பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. எங்கட வயதுக்காரர் படத்துக்கு என்னதான் எழுதுவது? சும்மா படத்தை மட்டும் போட்டுவிட்டு இருக்கவா?

– வட்டக்கச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மண்டையோட்டை நானும் முதலில் அப்படித்தான் எடுத்தேன். "சிரிச்சுச் செத்திட்டன்" என்பதன் சுருக்கம் அது. நாங்கள் கண்ணீர் வழியச் சிரிக்கிற முகத்தைப் போடுகிற இடத்தில் பிள்ளைகள் மண்டையோட்டைப் போடுகிறார்கள். ஆகவே மகள் கோபிக்கவில்லை.

அவளுக்கு எது சிரிப்பு மூட்டியது என்று பார்ப்போம். "செம" பிரச்சினை இல்லை. கடையில் நிற்கும்போது உங்கள் வாயில் அது வரக்கூடும். ஆனால் ஒரே வரியில் வேற லெவல், மச்சி, செம, வைப், ஸ்லே என்று ஐந்தும் வரிசையில் நிற்கின்றன. பொடியள்கூட அப்படிப் பேசுவதில்லை. ஒரு சொல்லைப் போட்டுவிட்டு மீதியைச் சாதாரணமாகச் சொல்வார்கள். வெளியாள் மொழி பேசும்போதுதான் எல்லாச் சொல்லையும் ஒன்றாகக் கொட்டுவான். மகளின் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

இரண்டாவது, அந்தச் சொற்களுக்கு வயது ஏறிவிட்டது. "வேற லெவல்" தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் புரண்டு தேய்ந்து எங்களிடம் வந்தது. "ஸ்லே" நியூயோர்க் பக்கத்துக் கறுப்பின, லத்தீன் தன்பாலினத்தவரின் ஆட்டப் போட்டி மேடைகளில் பாராட்டாகப் புழங்கிய சொல். பல கை மாறித்தான் உங்கள் போனுக்கு வந்திருக்கிறது. "ரிஸ்" என்று ஒன்று இருந்தது, ஒருவரை மயக்கும் கவர்ச்சிக்கு. 2023இல் ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள். அகராதிக்காரர் கைக்கு வந்த சொல்லை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் வைத்திருக்கும்? நாங்கள் பிடிக்கப் போவதற்குள் அது ஓடிவிடும். ஓடுவதற்கென்றே பிறந்த சொற்கள் அவை. பெரியவர்களை வேலிக்கு அப்பால் நிறுத்துவதும் அவற்றின் வேலைகளில் ஒன்று.

மச்சியை விட்டுவிட்டேன். வன்னியில் 48 வயதுக்காரர் யாரை மச்சி என்கிறார்? எங்களுக்கு மச்சான் இருக்கிறான், உயிரோடு. உங்கள் பக்கத்தைப் பார்க்கிறவர்களை எண்ணிப் பாருங்கள்: கூடப் படித்தவர்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள், பக்கத்து வயல்காரர், அப்புறம் மகள். இவர்களில் ஒருவருக்கும் நீங்கள் மச்சி இல்லை.

நானும் ஒருமுறை மாட்டுப்பட்டேன். பாலைப்பழக் காலத்தில் ஒரு கிண்ணம் பழத்தைப் படமெடுத்து, "காய்ஸ், இது செம வைப்" என்று எழுதிவிட்டேன். டொரொன்டோவிலிருந்து பழைய சினேகிதன் அழைத்தான். நலம் விசாரிக்கவில்லை. "உன்ர போனை ஆரும் எடுத்திட்டாங்களோ?" என்றான். இருபத்தைந்து வருடம் என் குரலைக் கேட்டவனுக்கு அது நான் எழுதியதாகவே படவில்லை.

இனி எதிர்ப்பக்கம். மகள் சிரித்துவிட்டாள் என்றதும் நாங்கள் நேரே போய் விழுகிற குழி ஒன்று உண்டு: "இயற்கை அன்னையின் எழில்மிகு கொடை, கரைபுரளும் இரணைமடு...." என்று தொடங்குவது. இதுவும் உங்கள் குரல் இல்லை. பாடசாலைப் பேச்சுப் போட்டியின் குரல். கடைசியில் நிற்கிற புள்ளிகளையும் கவனியுங்கள். எங்கள் வயதுக்காரர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் நாலைந்து புள்ளி வைப்பார்கள். இளசுகளுக்கு அது மனத்தாங்கலோடு எதையோ சொல்லாமல் விட்டதுபோல் படும். என் மருமகள் ஒருமுறை, "மாமா, என்னில கோவமோ?" என்றே கேட்டாள். நான் எழுதியிருந்தது "சரி......" என்பது மட்டும்.

அப்படியானால் எப்படி எழுதுவது? அன்று கட்டில் நின்றபடி வீட்டுக்கு அழைத்திருந்தால் மனைவியிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதாமல் முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். என் ஊகம் இது:

"குளம் வான் பாயுது. கட்டுக்கு ஏற முன்னமே சத்தம் கேக்குது. கீழ மீன் பிடிக்கிறாங்கள், வாங்கிக்கொண்டு வாறன். புளி இருக்கோ பார்."

பாருங்கள், எழுத வேண்டியது முழுக்க இதற்குள் இருக்கிறது. இதில் கொஞ்சம் வெட்டினால் போதும். பார்க்கிறவர் மனைவி இல்லை என்பதால் "வாங்கிக்கொண்டு வாறன்" வேண்டாம். தண்ணீர் படத்தில் தெரிகிறது, ஆகவே "தண்ணி பாயுது, நுரை அடிக்குது" என்று விவரிக்கவும் வேண்டாம். படத்தில் தெரியாத இரண்டு, சத்தமும் புளியும். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்:

"குளம் வான் பாயுது. கட்டுக்கு ஏற முன்னமே சத்தம் கேட்டது. மீன் வாங்கியாச்சு, வீட்டில புளி இருக்கோ தெரியேல்லை."

இதில் வயதை மறைக்கிற சொல்லும் இல்லை, வயதைப் பறைசாற்றுகிற சொல்லும் இல்லை. ஆனாலும் எழுதியவர் பொடியன் இல்லை, வீட்டுக்குப் பொறுப்பான ஒருவர் என்பது புளியில் தெரிந்துவிடுகிறது. லண்டன்காரருக்குப் பசிக்கும். இன்ஸ்டாகிராமில் போட்டால் ஓரிரண்டு வரிக்கு மேல் மறைந்துவிடும், தட்டினால்தான் மிச்சம் வரும். அதனால் "குளம் வான் பாயுது" முதலில் நிற்பதுதான் நல்லது. "என் வாழ்வில் மறக்கமுடியாத இன்றைய பொழுதில்" என்று தொடங்கினால் குளம் மறைப்புக்குள் போய்விடும்.

இன்னொரு ஆசை வரும், எனக்கும் வரும்: "நாங்கள் பொடியளா இருக்கேக்க" என்று தொடங்கி, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டதையும் ஜாம் போத்தல் விளக்கையும் இழுத்துவிடுவது. தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவருக்கு அந்த உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தனியாக நாலு பந்தி எழுதுங்கள், நான் வாசிக்கிறேன். வான் பாய்கிற படத்தின் தலையில் ஏற்றினால் அது பாட்டன் கதையாகிவிடும், உங்களுக்கு இன்னும் பாட்டன் வயது வரவில்லை.

மகளின் சொல் மேல் ஆசை இருந்தால் கடனாகவே வாங்குங்கள், கடன் என்று சொல்லிவிட்டு. "மகள் இதை வைப் என்கிறாள். எனக்குக் குளிருது" என்று எழுதலாம். அதே சொல்தான், ஆனால் இப்போது அது அவளுடைய வாயில் இருக்கிறது, நீங்கள் உங்கள் இடத்தில் நிற்கிறீர்கள். வருடத்துக்கு ஒருதரம் செய்தால் நன்றாயிருக்கும். மாதம் ஒன்று என்றால் அவளே தடுத்துவிடுவாள்.

பழைய பதிவைத் திருத்தப் போக வேண்டாம். பேஸ்புக்கில் திருத்தினால் முன்பு எழுதியதும் வரலாறாகக் கிடக்கும், தட்டிப் பார்க்கிறவர் பார்ப்பார். ஸ்லேயை அழித்தவர் என்ற பெயரும் சேரும். அது அப்படியே கிடக்கட்டும். மகளின் மண்டையோட்டுக்கு இன்னும் மறுமொழி போடவில்லை என்றால், அதற்குக் கீழே, "புளி இருக்கோ?" என்று கேட்டுவிடுங்கள்.