குவாட்ரூபிள் டெஸ்ட் ரிஸ்க்: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

கவிதா: மேடம், வயது 28, முதல் கர்ப்பம். கடைசி மாதவிடாய்க் கணக்கில் சரியாக 17 வாரத்தில் குவாட்ரூபிள் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். ஏஎஃப்பி 30 (0.75 எம்ஓஎம்), எச்சிஜி 42 (1.5), ஈஸ்ட்ரியால் 0.60 (0.60), இன்ஹிபின் ஏ 1.4 எம்ஓஎம். டவுன் சிண்ட்ரோம் ரிஸ்க் 1:170, "ஹை ரிஸ்க்" என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். எனக்கு மாதவிடாய் எப்போதும் 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். இந்த 170 எங்கிருந்து வருகிறது?

பதில்: கடைசிக்கு முந்தைய வரிதான் உங்கள் கேள்வியின் உயிர். அதற்கு வருவதற்குள் கணக்கைப் பார்த்துவிடலாம்.

கணக்கு உங்கள் வயதிலிருந்து தொடங்குகிறது. 28 வயதில், ரத்தம் எடுக்கும் முன்பே, பிரசவத்தில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1:1120. ரத்தத்தில் அளந்த நான்கு மார்க்கர்களும் அந்த எண்ணை மேலோ கீழோ தள்ளும் வேலையைத்தான் செய்கின்றன.

எம்ஓஎம் என்பது எளிய வகுத்தல். உங்கள் வாரத்தில் இருக்கும் இயல்பான கர்ப்பிணிகளின் அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது மீடியன். உங்கள் அளவை அதால் வகுத்தால் எம்ஓஎம். சராசரியை எடுக்காததற்குக் காரணம், சிலருக்கு எச்சிஜி மிக உயரத்துக்குப் போய்விடும். அந்தச் சிலரே சராசரியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் நிற்பவரை அப்படி நகர்த்த முடியாது.

ரிப்போர்ட்டில் மீடியனை அச்சிட மாட்டார்கள், ஆனால் நீங்களே எடுத்துவிடலாம். அளவை எம்ஓஎம்மால் வகுங்கள்: ஏஎஃப்பிக்கு 30 ÷ 0.75 = 40, எச்சிஜிக்கு 28, ஈஸ்ட்ரியாலுக்கு 1.0. உங்கள் எடைக்குத் திருத்திய 17 வார மீடியன்கள் இவை.

டவுன் சிண்ட்ரோம் கர்ப்பங்களில் நடு எம்ஓஎம் ஏஎஃப்பிக்கு 0.74, ஈஸ்ட்ரியாலுக்கு 0.72, எச்சிஜிக்கு 2.0, இன்ஹிபினுக்கு 1.9 அளவில் இருக்கும். இரண்டு கீழே, இரண்டு மேலே. உங்கள் எண் டவுன் கூட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது, இயல்பான கூட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற விகிதத்தை, அதாவது LR-ஐ, ஒவ்வொரு மார்க்கருக்கும் எடுக்கிறோம். எம்ஓஎம்மின் லாக் மதிப்பில்தான் இரு கூட்டங்களும் மணி வடிவில் சீராக விழும், அதனால் எல்லாம் லாக்கில் நடக்கிறது. ஏஎஃப்பியை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். பரவல் இரு கூட்டத்துக்கும் 0.16 என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
x  = log10(0.75) = -0.125
μ  = log10(0.74) = -0.13
LR = exp((x² - (x - μ)²) / (2 × 0.16²)) = 1.36
```

இதே முறையில் எச்சிஜி 1.15, ஈஸ்ட்ரியால் 3.57, இன்ஹிபின் 1.05 தருகின்றன. நான்கையும் பெருக்கினால் 5.9. 1120-ஐ அதால் வகுத்தால் 1:190. ரிப்போர்ட்டில் 170 வந்ததற்குக் காரணம், மென்பொருள் தன் சொந்தப் பரவல் எண்களை வைத்திருப்பதும், மார்க்கர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்வதைக் கணக்கில் எடுப்பதும். எச்சிஜியும் இன்ஹிபினும் பெரும்பாலும் ஒன்றாக ஏறும். ஒரே செய்தியை இரண்டு முறை எண்ணக்கூடாது. நான் கையால் போட்டதில் அந்தத் திருத்தம் இல்லை.

உங்களை மேலே தள்ளியது ஈஸ்ட்ரியால்தான். ஈஸ்ட்ரியால் வாரம் தவறினால் மிக மோசமாக ஏமாற்றும் மார்க்கர். ஸ்கேனில் எத்தனை வாரம் வந்தது?

கவிதா: ரத்தம் கொடுத்த அன்றே ஸ்கேன். 15 வாரம் 0 நாள். லேப் படிவத்தில் கடைசி மாதவிடாய் தேதி மட்டும்தான் கேட்டார்கள்.

பதில்: அப்படியானால் உங்களை இரண்டு வாரம் மூத்த கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள்.

15 முதல் 20 வாரம் வரை ஏஎஃப்பி வாரத்துக்குச் சுமார் 15 சதவீதம் ஏறுகிறது. ஈஸ்ட்ரியால் ஏறத்தாழ கால் பங்கு ஏறுகிறது. எச்சிஜி மாறாக, ஆறில் ஒரு பங்கு இறங்குகிறது. ஆக, கர்ப்பம் உண்மையில் சின்னதாக இருந்தால் ஏஎஃப்பியும் ஈஸ்ட்ரியாலும் குறைவாகவும், எச்சிஜி அதிகமாகவும் தெரியும். அச்சு அசல் டவுன் சிண்ட்ரோம் வேடம்.

இரண்டு வாரம் பின்னால் போனால் உங்கள் மீடியன்கள் தோராயமாக 30.2, 40.5, 0.64. எம்ஓஎம்கள் 0.99, 1.04, 0.94 ஆகின்றன. இன்ஹிபின் இந்த வாரங்களில் பெரிதாக மாறாததால் 1.4-ஐ அப்படியே விடுகிறேன். இப்போது நான்கின் பெருக்கல் 0.26, ரிஸ்க் 1:4300 அளவுக்கு இறங்குகிறது. அதே ரத்தம், அதே வயது.

14 முதல் 16 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கிலிருந்து 7 நாளுக்கு மேல் விலகினால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வதுதான் முறை. 16 முதல் 22 வாரத்துக்குள் என்றால் 10 நாள். லேபுக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பி மறுகணக்கு கேளுங்கள். புதிதாக ரத்தம் தேவையில்லை. ஸ்கேனில் 15 வாரத்துக்கும் குறைவாக வந்திருந்தால் மட்டும் 15 முடிந்த பிறகு மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். என் எண் கைக்கணக்கு. முடிவெடுக்க லேபின் திருத்திய ரிப்போர்ட்டே வேண்டும்.

பானு: எனக்கும் 1:140 வந்தது. பத்து நாள் கழித்து வேறு லேபில் கொடுத்தேன், 1:600 வந்தது. பயப்பட வேண்டாம் கவிதா, இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள்.

பதில்: பானு, உங்கள் நிலைமை வேறு. கவிதாவுக்குத் தேதி தப்பு, அதனால் அதே ரத்தத்துக்கு மறுகணக்கு. உங்களுக்குத் தேதி சரியாக இருந்திருந்தால் இரண்டாவது ரத்தம் முதலாவதை ரத்து செய்யாது. ஓரத்தில் விழுந்த எந்த அளவும் மறுமுறை எடுத்தால் நடுவை நோக்கி நகரும். பாதிக்கப்பட்ட கர்ப்பத்திலும் அப்படித்தான் நகரும். பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் டெஸ்ட் பிடிக்க வேண்டியதை நழுவ விடுகிறோம். மேலும், இரண்டு லேபின் மீடியன்களும் வேறு. 1:140-ஐ வைத்தே மகப்பேறு மருத்துவரிடம், தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடியா, பனிக்குட நீர்ப் பரிசோதனையா என்று பேசுங்கள். முதலாவது இன்னும் கூர்மையான ஸ்கிரீனிங், இரண்டாவதுதான் உறுதிப்படுத்துவது.

செல்வம்: மனைவிக்கு 36 வயது. எச்சிஜி 2.1 எம்ஓஎம். 2-க்கு மேல் போனாலே டவுன் சிண்ட்ரோம் என்று படித்தேன். ஆனால் ரிப்போர்ட் லோ ரிஸ்க் என்கிறது. லேப் தவறு செய்துவிட்டதா?

பதில்: படித்ததில் பாதி சரி. 2.0 என்பது பாதிக்கப்பட்ட கர்ப்பங்களின் நடுப்புள்ளி, எல்லைக்கோடு அல்ல. இயல்பான கர்ப்பங்களிலும் கணிசமானவர்களுக்கு எச்சிஜி 2-ஐத் தாண்டும். இரண்டு மணிகளும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் கவிந்திருக்கின்றன. ஏஎஃப்பியும் ஈஸ்ட்ரியாலும் 1.2, 1.3 என்று இருந்தால் எச்சிஜியின் தள்ளலை அவை திருப்பிவிடும். 36 வயதில் தொடக்கமே உயரம் என்பதையும் மீறி லோ ரிஸ்க் வந்திருக்கிறது என்றால் மற்ற மூன்றும் சேர்ந்து எச்சிஜியை எதிர்த்துத் தள்ளியிருக்க வேண்டும், சரிபாருங்கள்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ரிஸ்க் "பிரசவத்தில்" என்றிருக்கிறதா, "இரண்டாம் பருவத்தில்" என்றிருக்கிறதா பாருங்கள். நடுக் கர்ப்பத்திலிருந்து பிரசவத்துக்குள் பாதிக்கப்பட்ட கருக்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று தானாகவே இழக்கப்படுவதால், இரண்டாவது எண் எப்போதும் கொஞ்சம் பயமுறுத்தும். ஹை ரிஸ்க்குக்கான 1:250, 1:270 என்ற கட்ஆஃப்கள் எதைச் சார்ந்தவை என்று தெரியாமல் இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிட முடியாது.

முருகேசன் (லேப் டெக்னீஷியன்): எங்கள் லேபில் மூன்று மாதமாக ஃப்ரீ பீட்டா எச்சிஜியின் மீடியன் எம்ஓஎம் 1.18-இல் நிற்கிறது. கன்ட்ரோல்கள் சரியாகத்தான் ஓடுகின்றன. விடலாமா?

பதில்: விடக்கூடாது. எல்லா நோயாளிகளின் எம்ஓஎம்மையும் சேர்த்து மீடியன் எடுத்தால் 1.00-இல் நிற்க வேண்டும்; 0.90 முதல் 1.10 வரை பொறுக்கலாம். 1.18 என்றால் உங்களிடம் வரும் ஒவ்வொரு கர்ப்பிணியும் சுமையோடு தொடங்குகிறார், ஸ்கிரீன் பாசிட்டிவ் விகிதமும் ஏறியிருக்கும்.

நான்கு இடத்தில் தேடுங்கள். மாற்றம் தொடங்கிய தேதியும் புது ரியேஜென்ட் லாட் வந்த தேதியும் ஒத்துப்போகிறதா? மென்பொருளில் இருப்பது கிட் நிறுவனம் கொடுத்த மீடியன்களா, உங்கள் சொந்த நோயாளிகளுடையதா? உங்கள் பகுதியின் சராசரி எடை குறைவாக இருந்து, எடைத் திருத்தம் கனமான பெண்களுக்கு எழுதப்பட்டிருந்தால் எல்லா மார்க்கருமே மேலே போகும். ஒரே ஒரு மார்க்கர் மட்டும் ஏறியிருக்கிறது என்பதால் நான்காவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன்: வெளியூர் கலெக்‌ஷன் சென்டர்களிலிருந்து சீரம் பிரிக்காமல் வெயிலில் வரும் குழாய்கள். முழு எச்சிஜி உடைந்து ஃப்ரீ பீட்டா பெருகிவிடும். கன்ட்ரோல் உங்கள் ஃப்ரிட்ஜிலேயே இருப்பதால் அதற்கு இது தெரியாது. சென்டர்வாரியாக மீடியனைப் பிரித்துப் பாருங்கள். தூரத்து ஊர்கள் மட்டும் உயர்ந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நிஷா: ஈஸ்ட்ரியால் 0.08 எம்ஓஎம், மற்ற மூன்றும் 1 பக்கத்தில். ஆண் குழந்தைக்குத் தோல் வியாதி வரலாம் என்று யாரோ சொன்னார்கள். டவுன் டெஸ்டில் தோலா?

பதில்: அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஈஸ்ட்ரியால் உருவாக நஞ்சுக்கொடியில் ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்ற நொதி வேண்டும். எக்ஸ் குரோமோசோம் வழி வரும் இக்தியோசிஸில் ஆண் கருவுக்கு அது இருக்காது, ஈஸ்ட்ரியால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போகும். பிறந்தபின் தோல் செதில் செதிலாக உலரும், பொதுவாகச் சமாளிக்கக்கூடியது. உங்கள் அண்ணன், தம்பி, தாய்மாமன், அம்மாவின் அப்பா யாருக்காவது அப்படித் தோல் உண்டா என்று கேளுங்கள். அரிதாக, கொலஸ்ட்ரால் உருவாக்கத்தில் குறையுள்ள ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயும் இப்படிக் காட்டும், அது தீவிரமானது. எனவே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். நீங்கள் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள், அதுவும் ஈஸ்ட்ரியாலைக் குறைக்கும்.

டாக்டர் (மகப்பேறு): ரிஸ்க் 1:2000, ஆனால் இன்ஹிபின் 2.7. இவர்களுக்கு ரத்த அழுத்தக் கண்காணிப்பைக் கூட்டுகிறேன். லேப் இதைத் தனியாக எழுதித் தர வேண்டாமா?

பதில்: குரோமோசோம் சரியாக இருக்கும்போது உயர்ந்த இன்ஹிபினுக்கும் பின்னால் வரும் ப்ரீ-எக்ளாம்ப்சியாவுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து முன்கூட்டிச் சொல்லும் திறன் பலவீனம். எழுதினால், ஆரோக்கியமாக இருக்கும் பல பெண்கள் பயப்படுவார்கள் என்பதால் நான் எழுதுவதில்லை.

டாக்டர் (மகப்பேறு): மாதம் ஒருமுறை கூடுதலாக பிபி பார்ப்பதில் என்ன பயம்? எனக்கு அந்த எண் வேண்டும்.

பதில்: எண் ரிப்போர்ட்டில் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். "ஹை" என்ற குறிதான் வேண்டாம் என்கிறேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அவர் புகைபிடிப்பவரா? புகை இன்ஹிபினை நன்றாகவே ஏற்றிவிடும். அந்தக் கட்டம் படிவத்தில் பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது.