'வந்தானாம்' மாதிரி, ஒரு விஷயம் நமக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டிய மொழிகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

இருக்கின்றன. நான் வியந்து படித்தது தரியானா. பிரேசிலின் வடமேற்கு மூலையில், அமேசான் காட்டுக்குள், வாவுப்பேஸ் ஆற்றுப் பக்கம் வாழும் ஒரு சின்னச் சமூகத்தின் மொழி. மொழியியலாளர் அலெக்சாண்டிரா ஐகன்வால்ட் அந்த மக்களோடு பழகி அதன் இலக்கணத்தை எழுதினார். அவர் காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்: 'ஜோசே கால்பந்து விளையாடினான்.'

தமிழில் இதோடு பேச்சு முடிந்தது. தரியானாவில் வினையோடு ஐந்து ஒட்டுகளில் ஒன்று சேர்ந்தால்தான் முடியும். அவன் ஆடியதைக் கண்ணால் பார்த்திருந்தால் 'திமனிகா-கா'. பார்க்கவில்லை, சத்தம்தான் காதில் விழுந்தது என்றால் 'திமனிகா-மஹ்கா'. அவனுடைய பூட்ஸைக் காணோம், பந்தையும் காணோம், மைதானத்திலிருந்து கூட்டம் திரும்பி வருகிறது. இப்படித் தடயத்தை வைத்துச் சொன்னால் '-நிஹ்கா'. தடயமே இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் ஆடப் போவது வழக்கம், அதனால் போயிருப்பான் என்றால் '-சிகா'. யாரோ சொல்லித் தெரிந்தது என்றால் '-பிதாகா'. இவையெல்லாம் சமீபத்தில் நடந்ததற்கு. காலம் மாறினால் ஒட்டும் மாறும். முன்னோர் கதைகளில் 'பிதாகா' போய் 'பிதானா' வரும்.

நம்முடைய '-ஆம்' இந்தக் கடைசி ஒட்டுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'வந்தான்' என்று மொட்டையாகச் சொன்னாலும் தமிழில் பிழை இல்லை. அதோடு, 'அவன் ரொம்ப நல்லவனாம்' என்றால் நம் குரலில் நம்பாத தொனி எளிதாக ஏறிவிடும். தரியானாவின் 'பிதாகா' அப்படிச் சந்தேகப்படுவதில்லை. செய்தி வந்த வழியை மட்டும் சொல்கிறது.

இரண்டாவது ஒட்டுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அது காதோடு நிற்பதில்லை. வாசனை, தொடு உணர்வு, தனக்கு உடம்பு சரியில்லை என்பது, கண்ணுக்குத் தெரியாத கெட்ட ஆவிகள் எல்லாம் அதில் அடங்கும். சாதாரண ஆள் தன் கனவைச் சொல்லும்போது அதைத்தான் போடுவார். ஊர் மந்திரவாதியோ, நடக்கப்போவதை முன்கூட்டிக் காட்டிய தன் கனவைச் சொல்லும்போது, கண்ணால் பார்த்ததற்கான ஒட்டையே போடுவார். அவருடைய கனவு பார்வைக்குச் சமம் என்று ஊர் ஏற்றுக்கொள்கிறது.

இதனால் அங்கே பொய்யே சொல்ல முடியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நடக்காததைச் சொல்வது ஒரு பொய். நடந்ததையே சொல்லி, கேள்விப்பட்டதைப் பார்த்ததாகக் காட்டுவது இன்னொரு பொய். அந்த மொழியில் இரண்டுமே முடியும்.

இந்த ஏற்பாடு தரியானாவுக்குப் பரம்பரைச் சொத்தும் அல்ல. அது அராவாக் குடும்பத்து மொழி. பக்கத்து துக்கானோ மொழிகளிடமிருந்து இந்த விரிவான முறை அதற்கு வந்து சேர்ந்தது. வேற்று மொழிக் குழுவில்தான் பெண் எடுக்க வேண்டும் என்பது அந்த வட்டாரத்து வழக்கம், அதனால் ஒவ்வொரு வீட்டிலும் பல மொழிகள் புழங்கின. இன்று போர்த்துகீசியம் பேசும்போதுகூட அவர்கள் 'நான் பார்த்தேன்' என்பதைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.