பனைமரம் ஏன் இரண்டாக உடைகிறது? பனோரமா பற்றிய வாசகர் கேள்விகள்

மழை முடிந்து செட்டிநாட்டுக் கண்மாய்கள் தளும்பத் தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளும் பெருகிவிடும். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் போனின் பனோரமா பற்றியவை. கூடவே வந்த படங்களைப் பார்த்தேன். குறை பெரும்பாலும் போனில் இல்லை, நிற்கும் இடத்திலும் திரும்பும் விதத்திலும்தான் இருக்கிறது.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நின்று எடுத்தேன். தண்ணீரும் அக்கரையும் நன்றாக வந்திருக்கின்றன. பக்கத்தில் நின்ற பனைமரம் மட்டும் நடுவில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. கை நடுங்கவில்லை, மெதுவாகத்தான் திரும்பினேன். பிறகு ஏன்?

உங்கள் கை நடுங்கவில்லை என்பதை நம்புகிறேன். நடுக்கம் இதற்குக் காரணமே அன்று.

நீங்கள் திரும்பத் திரும்ப போன் அடுத்தடுத்துப் படங்களை எடுத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒல்லியான செங்குத்துக் கீற்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஓலை முடைவதுபோல் பக்கத்துக் கீற்றோடு கோக்கிறது. இரண்டு கீற்றுகளும் ஒரே புள்ளியிலிருந்து பார்த்தவையாக இருந்தால் கோப்பு தெரியாது. பார்த்த புள்ளி நகர்ந்திருந்தால் மாட்டிக்கொள்ளும்.

கட்டைவிரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் பின்னால் உள்ள சுவரின்மேல் இங்கும் அங்கும் தாவும். கண்களுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டர்தான். அதற்கே இந்தத் தாவல். உங்கள் பனைக்கும் இதுதான் நேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு, உடம்பை அச்சாக வைத்துத் திரும்பியிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். உடம்பிலிருந்து போன் 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், 20 டிகிரி திரும்புவதற்குள் லென்ஸ் சுமார் 21 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அக்கரை 300 மீட்டர் தொலைவில் இருப்பதால் அதற்கு இது ஒன்றுமே இல்லை. பனை 3 மீட்டரில் நின்றால், அக்கரையை ஒப்பிட அது 4 டிகிரி இடம் மாறும். 40 சென்டிமீட்டர் தடித்த மரத்துக்கு அது தன் தடிமனில் பாதி. மென்பொருள் அக்கரையைப் பொருத்துவதா, பனையைப் பொருத்துவதா? இரண்டையும் ஒருசேரப் பொருத்த வழியே இல்லை. அது அக்கரையைத் தேர்ந்துகொண்டது, பனை உடைந்தது.

எனவே உடம்பு போனைச் சுற்ற வேண்டும், போன் உடம்பைச் சுற்றக் கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் போனை நெஞ்சுக்கு அருகே கொண்டுவாருங்கள். தரையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, லென்ஸ் அதற்கு நேர் மேலே இருக்கும்படி நில்லுங்கள். பிறகு கல்லைச் சுற்றிச் சிறு சிறு அடியாகக் கால்களை எடுத்து வையுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு நினைவிருக்கிறதா? போனின் பின்புறம் லென்ஸுக்கு அருகில் ஒரு நூலை ஒட்டி, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது கல்லை விட்டு விலகுவது உடனே தெரியும். பத்து நிமிடம் இதை வைத்துப் பழகினால் பிறகு நூல் வேண்டியதில்லை. லென்ஸின் நகர்வு 2, 3 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் அதே பனை அரை டிகிரி அளவுதான் இடம் மாறும். அதை மென்பொருள் மறைத்துவிடும்.

இன்னும் எளிய வழி ஒன்றும் உண்டு. மரத்தை விட்டு நன்றாகத் தள்ளி நில்லுங்கள். 3 மீட்டரில் உள்ள மரம் செய்யும் குழப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் 30 மீட்டரில் உள்ள மரம் செய்யும். சட்டகத்தில் மிக அருகில் இருக்கும் பொருள் எது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்கி மின்கம்பிகள், படித்துறையின் விளிம்பு, வேலிக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். மென்பொருள் வழுக்கியிருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

திருமயம் கோட்டை உச்சியிலிருந்து எடுத்த படத்தில் அடிவானம் வில்லாக வளைந்திருக்கிறது. மேலும் கீழும் கறுப்பு விளிம்பு வேறு.

கீழே இருக்கும் மதிலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போனைச் சற்றுக் கீழே சாய்த்திருக்கிறீர்கள். பீரங்கி மேடை அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது யாருக்கும் அந்த ஆசை வரும். போன் நேராக நின்று சுற்றினால் அது வரையும் பரப்பு ஓர் உருளை. சாய்ந்து சுற்றினால் கூம்பு. கூம்பை விரித்துத் தட்டையாக்கினால் கோடு வளையத்தான் செய்யும்.

போனைச் செங்குத்தாக, சாயாமல் பிடியுங்கள். கட்டக்கோடுகளைத் திரையில் போட்டுக்கொள்ள முடிந்தால் அடிவானத்தைத் திரையின் நடு உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். வானம் அதிகமாக வந்துவிடும் என்பது உண்மைதான். வந்ததைப் பிறகு வெட்டிவிடலாம், வளைந்ததை நிமிர்த்த முடியாது.

கறுப்பு விளிம்பு வேறு காரணத்தால் வந்தது. திரையில் ஓடும் அம்புக்குறி கோட்டை விட்டு மேலே ஏறியிருக்கிறது, பிறகு இறங்கியிருக்கிறது. அது முக்கால்வாசி கால்களின் குற்றம். தொடங்கும் திசையைப் பார்த்துக் காலை ஊன்றினால், முடிவுக்கு வரும்போது இடுப்பு முறுக்கேறித் தோள் இறங்கிவிடும். பாறை மேல் சுற்றி நடக்க இடம் இல்லாவிட்டால், முடியும் திசையைப் பார்த்துக் கால்களை ஊன்றுங்கள். இடுப்பை மட்டும் பின்னால் முறுக்கிக் கொண்டுபோய்த் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப முறுக்கு அவிழும், கடைசியில் தோள் தளர்வாக இருக்கும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பு முழுவதையும் எதிரில் நின்று எடுத்தேன். நேரான சுவர் நடுவில் உப்பி, இரு முனைகளிலும் ஒடுங்கி, கப்பல்போல் இருக்கிறது. போனை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். புதிய போனும் இதே கப்பலைத்தான் கட்டும். நீங்கள் எழுதியபடி தெருவின் இந்தப் பக்கம், சுவரிலிருந்து 10 மீட்டரில் நின்றிருக்கிறீர்கள். முகப்பு சுமார் 35 மீட்டர். சுவரின் நடு உங்களிடமிருந்து 10 மீட்டர்தான். ஆனால் முனை எவ்வளவு தூரம்? 60 டிகிரி பக்கவாட்டில், 20 மீட்டர். இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் சுவர் பாதி உயரமாகத்தான் தெரியும். உங்கள் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்ததால் மனம் அதை நேர்ப்படுத்திக்கொண்டது. போன் அத்தனை பார்வைகளையும் ஒரே தாளில் விரித்துப் போட்டதும் உண்மை தெரிந்துவிட்டது. இதைப் பழுது என்பதைவிட, பனோரமாவின் இயல்பு என்பதே சரி.

சுவரிலிருந்து 25 மீட்டர் தூரம்வரை பின்னால் போக முடிந்தால் அதே சுவர் மொத்தம் 70 டிகிரிக்குள் அடங்கும். முனைகள் நடுவின் உயரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தெரியும். வளைவு இருக்கும், கண்ணை உறுத்தாது. அவ்வூர்த் தெருக்களில் எல்லா வீட்டின் எதிரிலும் அத்தனை இடம் கிடைக்காது. 15 மீட்டர் கிடைத்தால் பனோரமாவையே விட்டுவிடுங்கள். திரையில் 0.5x என்று இருக்கும் அகல லென்ஸில் படுக்கை வாக்கில் ஒரே படம் எடுங்கள். அது நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும். முனைகள் கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான்.

பொறுமை உள்ளவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு. ஒரே இடத்தில் நின்று, பக்கத்துப் படத்தோடு மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி நான்கைந்து தனிப் படங்கள் எடுங்கள். வீட்டுக்கு வந்து கணினியில் Hugin என்ற இலவச மென்பொருளில் ஒட்டுங்கள். அங்கே படத்தை விரிக்கும் முறையை நாமே தேர்ந்துகொள்ளலாம். Rectilinear என்பதைத் தேர்ந்தால் சுவர் நேராகும். மொத்தக் கோணம் 90 டிகிரியைத் தாண்டினால் முனைகளின் இழுவை அளவு மீறிவிடும். 120 டிகிரியில் கடைசித் தூண் யானைக்கால் ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், அந்த வீடுகளைத் தெரு முனையிலிருந்து சாய்வாக ஒரே படமாக எடுப்பதே அழகு. பனோரமாவைக் கண்மாய்க்கும் செம்மண் பொட்டலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வளைய நேர்கோடு ஏது?

குன்றக்குடி மலையிலிருந்து எடுக்கும்போது கீழே சாலையில் போன பஸ் ரயில் நீளத்துக்கு வந்துவிட்டது!

நீங்கள் திரும்பிய திசையிலேயே பஸ்ஸும் போயிருக்கிறது. ஒவ்வொரு கீற்றிலும் அது மறுபடி மறுபடி அகப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையில் வந்திருந்தால் ஆட்டோ அளவுக்குச் சுருங்கியிருக்கும். சாலை காலியாகும்வரை காத்திருங்கள். சாலை இருக்கும் பக்கத்திலிருந்தே தொடங்கினால் காத்திருப்பது எளிது, காலியான நொடியில் பொத்தானை அழுத்திவிடலாம். மேயும் மாடுகளுக்கும் இதுவே விதி, ஆனால் அவை பஸ்ஸைவிடப் பொறுமையைச் சோதிக்கும்.

சாயங்காலம் ஊருணியில் எடுத்தால் ஒரு பக்கம் வானம் வெளுத்துப் போகிறது, அல்லது வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது.

இரண்டு நோய்கள், ஒரே மூலம். சில போன்கள் தொடங்கிய இடத்தின் வெளிச்சத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளும். கிழக்கின் இருட்டில் தொடங்கினால் மேற்கு வெளுக்கும். சில போன்கள் போகப் போக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே வரும். மாற்றம் திடீரென்று நேர்ந்த இடம் பட்டையாக நிற்கும்.

தொடங்குவதற்கு முன், சூரியனிலிருந்து சற்றுத் தள்ளிய பிரகாசமான வானத்தைத் திரையில் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் வெளிச்சம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். நிழல் பக்கம் கொஞ்சம் இருண்டு வரும், அதைப் பிறகு தூக்கலாம். வெளுத்துப்போன வானத்தில் தூக்கவும் இறக்கவும் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. சூரியன் மறைந்து பத்து நிமிடம் கழித்து எடுத்தால் இந்தப் பாடே குறைவு. ஆனால் அப்போது வெளிச்சம் குறைந்திருக்கும், வழக்கத்தைவிட இன்னும் மெதுவாகத் திரும்ப வேண்டும். வேகமாகத் திரும்பினால் படம் கலங்கும்.

வீட்டின் வளவை, சுற்றிலும் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் தெரியும்படி பனோரமாவில் எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். தூண்கள் இரண்டு மூன்று மீட்டரில் நிற்கின்றன, தேவகோட்டைப் பனைக்கு நேர்ந்த கதி ஒவ்வொரு தூணுக்கும் நேரும். தரையின் கட்டங்கள் அலைபோல் நெளியும். மூலையில் நின்று 0.5x லென்ஸில் ஒரே படம் எடுங்கள்.

நன்றாக வந்த பனோரமாவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உறவினர்களுக்கு ரிப்பன்போல் மங்கலாகப் போகிறதே?

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளமான படத்தில் நீளத்தைச் சுருக்கும்போது உயரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். படமாக அனுப்பாமல், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். எடுக்கும்போதே போனைச் செங்குத்தாகப் பிடித்திருந்தால் ரிப்பன் கொஞ்சம் அகலமாகவும் இருக்கும்.