எஃப்.ஐ.ஆர். முதல் குற்றப்பத்திரிகை வரை என்ன நடக்கிறது?

கேள்வி: எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, அப்புறம் கேஸ் எப்போ கோர்ட்டுக்குப் போகும்? 'கோப்பில் எடுத்தார்' என்றால் என்ன?

பாம்பன் கரையில் நிறுத்திய படகிலிருந்து எஞ்சின் திருடு போனதாக வைத்துக்கொள்வோம். நிலையத்தில் சொன்னதும் பதிவாவது முதல் தகவல் அறிக்கை. அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். எஞ்சின் நம்பரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள்; பின்னால் கிடைக்கும் எஞ்சின் உங்களுடையதுதான் என்று காட்ட அதுவே கை கொடுக்கும்.

அடுத்தது புலன்விசாரணை. அதிகாரி இடத்தைப் பார்த்து, அங்கே கண்டதை மகஜராக எழுதுவார், சாட்சிகளை விசாரிப்பார். அவர் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை; கேட்டால் மறுக்கலாம். எஞ்சின் கிடைத்தால் சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றுவார்.

சாதாரணத் திருட்டில் கைதானவர் காவலில் இருக்க, 60 நாளுக்குள் போலீஸ் விசாரணையை முடித்துக் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை தராவிட்டால், ஜாமீன் கேட்பது அவர் உரிமையாகிவிடும். வழக்கு முடிந்ததாக அர்த்தமில்லை, விசாரணை தொடரும்.

குற்றப்பத்திரிகை வந்ததும் நீதித்துறை நடுவர் அதைப் படித்து, வழக்கு நடத்த முகாந்திரம் உண்டா என்று யோசிப்பார். உண்டென்று வழக்கை ஏற்பதுதான் கோப்பில் எடுப்பது, சி.சி. நம்பர் என்ற கோர்ட் வழக்கு எண் அப்போதுதான் விழும். ஏலக்கூடத்துக்குக் கூடை வந்துவிட்டால் போதாதே, ஏலக்காரர் எட்டிப் பார்த்து ஏலத்தைத் தொடங்க வேண்டும். முகாந்திரம் இல்லையென்றால் மேலும் விசாரிக்கச் சொல்லலாம்.

குற்றப்பத்திரிகை வந்தாலே குற்றம் நிரூபணமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது போலீஸ் தரப்பு மட்டுமே, சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.