சூளைச் செலவும் உடைசலும் சேர்ந்த சட்டியின் அடக்க விலை

கேள்வி: என் அப்பா தொண்டிப் பக்கம் மீன் குழம்புச் சட்டி செய்கிறார். போன சூளைக்கு 9,200 ரூபாய் ஆனது, 200 சட்டி வனைந்தோம், ஆகவே சட்டிக்கு 46 ரூபாய் என்கிறார். வியாபாரி வீட்டுக்கே வந்து 50 ரூபாய்க்கு எடுக்கிறார். ஆனாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் அப்பாவுக்குப் புரியும்படி எழுத முடியுமா?

பதில்:

நான் அடக்க விலைக் கணக்காளர். இராமநாதபுரத்தில் இருபது ஆண்டுகளாகச் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். உங்கள் தந்தையிடம் நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கு ஏற்றவாறு இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகன் செலவைப் பிரித்து அனுப்பியிருந்தார். கண்மாய் மண், மணல், செம்மண் பூச்சு ஆகியவற்றுக்கு 1,300 ரூபாய். மண் மிதிப்பது முதல் வனைந்து, தட்டி, பூச்சு பூசுவது வரை எட்டு ஆள் வேலை, நாளுக்கு 500 வீதம் 4,000 ரூபாய். சூளைக்கு விறகு 2,000, வைக்கோலும் தென்னை மட்டையும் 400, அடுக்கிச் சுட்டுப் பிரிக்க இரண்டு ஆள் கூலி 1,000, ஆண்டுக்கு ஒருமுறை சூளையைச் செப்பனிடும் செலவில் ஒரு சூட்டுக்கு வரும் பங்கு 500, ஆகச் சூளைக்கு மட்டும் 3,900 ரூபாய். மொத்தம் 9,200 என்பது சரியாகவே இருக்கிறது. தாங்களும் அம்மாவும் செய்த வேலைக்குக் கூலி போட்டதும், தாங்களே வெட்டி வந்த சீமைக் கருவேல விறகைக் கரிமூட்டம் போடுகிறவர் கொடுக்கக்கூடிய விலைக்குக் கணக்கில் எழுதியதும் மிகவும் சரி. காசு கொடுக்காமல் வந்த விறகு என்று அதை விட்டுவிடுகிறவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தவறு செலவில் இல்லை, வகுத்த எண்ணில் இருக்கிறது. தாங்கள் வனைந்தது 200 சட்டி. காயும்போது விரிந்தது 10, சூளைக்குள் ஏறியது 190, அதில் சூட்டில் கெட்டது 30, விற்கத் தகுந்தது 160. உடைந்த சட்டிக்கான மண்ணையும் கூலியையும் விறகையும் யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அந்தச் செலவையும் நின்ற 160 சட்டிகளே சுமக்க வேண்டும். கெட்ட 30-இல் விளிம்பு மட்டும் விரிந்த 20 சட்டிகள் செடி வைக்க என்று பத்து ரூபாய்க்குப் போயின. அந்த 200 ரூபாயைச் செலவில் கழித்தால் நிற்பது 9,000. அதை 160-ஆல் வகுத்தால் ஒரு சட்டியின் அடக்க விலை 56 ரூபாய் 25 காசு.

இங்கே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். இருநூறில் நாற்பது போயிற்று, அதாவது நூற்றுக்கு இருபது, ஆகவே 46 ரூபாயோடு நூற்றுக்கு இருபது கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கூட்டினால் 55 ரூபாய் 20 காசு வரும். ஆனால் 9,200-ஐ 160-ஆல் வகுத்தால் 57 ரூபாய் 50 காசு. ஐந்து சட்டியில் ஒன்று உடைந்தால் அதன் பாரத்தை மீதி நான்கு சட்டிகள் தாங்குகின்றன; எனவே கூட்ட வேண்டியது நூற்றுக்கு இருபத்தைந்து. விழுக்காடு குழப்பமாக இருந்தால் அதை விட்டுவிட்டு, மொத்தச் செலவை நின்ற சட்டிகளால் வகுத்துவிடுங்கள்.

அடுத்து, உடைசல் எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதையும் தனித்தனியே எழுதி வையுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே நட்டம் அல்ல. நிழலில் காயும்போது விரிந்த சட்டியின் மண்ணை ஊறவைத்து மறுபடி மிதித்துக்கொள்ளலாம். போவது வனைந்த கூலியான 20 ரூபாய்தான். சூளையிலிருந்து உடைந்து வரும் சட்டியோ மண், கூலி, விறகு எல்லாவற்றையும் சேர்த்து ஏறக்குறைய 48 ரூபாயைக் கொண்டுபோகிறது, சுட்ட ஓடு மறுபடி மண்ணாவதும் இல்லை. அதனால் அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு சட்டியையும் விரலால் சுண்டி, வாய்ப்பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து ஒதுக்குவது பணமாகவே திரும்பி வரும். ஆனால் ஒதுக்கிய இடத்தில் வேறொரு நல்ல சட்டி ஏறினால்தான் அந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கும். இடம் காலியாகக் கிடந்தால் விறகுச் செலவு ஒரு ரூபாயும் குறையாது. ஆகவே ஒவ்வொரு சூளைக்கும் பத்துப் பதினைந்து சட்டிகள் கூடுதலாகக் காய்ந்து தயாராக இருக்கட்டும்.

சூளையில் தண்ணீர்ப் பானையையும் சேர்த்துச் சுடும்போது செலவை எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது, அது பிடிக்கும் இடத்தால் வகுக்க வேண்டும். ஒரு பானை நான்கு சட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்றால் அதற்கு நான்கு பங்கு. 110 சட்டியும் 20 பானையும் ஏற்றினால் மொத்தம் 190 பங்கு, ஒரு பங்குக்கு 3,900-இல் ஏறக்குறைய இருபதரை ரூபாய். பானை ஒன்றின் மீது விழும் சூளைச் செலவு 82 ரூபாய். எண்ணிக்கையால் வகுத்தால் சட்டி பானையின் விறகுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு சங்கடமும் இருக்கிறது. மண்ணில் கிளிஞ்சல் துணுக்கோ சுண்ணாம்புக் கட்டியோ கலந்திருந்தால், அது சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிச் சட்டியின் உடம்புக்குள்ளேயே இருந்துவிடும். பிரித்த அன்று சட்டி குறையில்லாமல் தெரியும். சில நாட்கள் கழித்துக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேல்தோலைச் சில்லாகப் பெயர்த்துவிடும், குழியின் அடியில் வெள்ளைப் புள்ளி இருக்கும். எனவே 160 என்ற எண்ணைச் சூளை பிரித்த அன்றே எழுதாமல், ஒரு வாரம் கழித்து எண்ணி எழுதுங்கள். அதற்குள் எட்டுச் சட்டி சில்லு விட்டால் அடக்க விலை 59 ரூபாயைத் தாண்டிவிடும். வெள்ளைப் புள்ளியுள்ள சில்லுகள் மிகுதியானால் குற்றம் மண்ணில்தான், சூளையில் இல்லை. மண்ணைக் கரைத்துச் சல்லடையில் வடிகட்டும் கூலி அந்த எட்டுச் சட்டியின் நட்டத்தைவிடக் குறைவா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுச் சூளையும் பாழானால் என்ன செய்வது என்று மகன் கேட்டிருந்தார். எதிர்பாராமல் ஒருமுறை நேர்ந்தது என்றால் அந்த நட்டத்தை மறு சூளைச் சட்டியின் விலையில் ஏற்றாதீர்கள். அது ஆண்டு வருமானத்தில் கழிய வேண்டியது, சட்டியில் ஏற்றினால் பக்கத்து ஊர்ச் சட்டியோடு போட்டியிட முடியாத விலை வந்து நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் அந்த இரு மாதங்களில் ஈரச் சட்டி வெடித்து ஒரு சூளை போவது வழக்கமாகவே இருக்கிறது என்றால், அது எதிர்பாராதது அல்ல. ஆண்டின் எல்லாச் சூளைச் செலவையும் கூட்டி, ஆண்டு முழுவதும் நின்ற சட்டிகளால் வகுக்க வேண்டும். இதற்காகத்தான் ஒவ்வொரு சூளைக்கும் வனைந்தது, ஏறியது, நின்றது என்ற மூன்று எண்களை நோட்டில் எழுதச் சொல்கிறேன். ஒரே சூளையை வைத்து விலை முடிவு செய்வது ஆபத்து.

இனி வியாபாரியின் 50 ரூபாய். 160 சட்டிக்கு 8,000, விரிசல் சட்டிக்கு 200, ஆக 8,200 ரூபாய் வருகிறது. கூலி நீங்கலான செலவு 4,200. மீதி 4,000 ரூபாய்தான் தங்கள் வீட்டின் பத்து ஆள் வேலைக்குக் கிடைத்தது, அதாவது நாளுக்கு 500 இல்லை, 400. கைக்காசு போகவில்லை என்பதால் நட்டம் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு சூளையிலும் ஆயிரம் ரூபாய்க் கூலியைத் தாங்கள் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அவரிடம் 57 ரூபாய்க்குக் குறையாமல் கேளுங்கள். வண்டியில் உடைவதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்பதையும், அவர் களத்திலேயே தட்டிப் பார்த்து எண்ணி எடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அவர் கடையில் உடைந்த சட்டியைத் திருப்பி அனுப்பத் தொடங்கினால் மேலே போட்ட 160 என்ற எண் மறுபடியும் மாறிவிடும்.